கொதிநிலை வரிசை தப்பாக வருகிறதா? எந்தப் படியில் பிசகியது என்று கண்டுபிடிப்போம்

மெத்தில் குளோரைடு, டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு. இந்த நாலையும் கொதிநிலை ஏறும் வரிசையில் எழுதச் சொன்னால், நான் பார்த்த வரையில் பாடத்தைக் கவனமாகப் படித்த பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் வடிவம் போட்டு, முனைவு பார்த்து, கார்பன் டெட்ராகுளோரைடு முனைவற்றது, ஆகவே ஈர்ப்பு குறைவு, ஆகவே அதுதான் முதலில் கொதிக்கும் என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டவணையைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

CH3Cl: இருமுனை திருப்புத்திறன் 1.9 டிபை, கொதிநிலை −24 டிகிரி செல்சியஸ்
CH2Cl2: 1.6 டிபை, 40 டிகிரி
CHCl3: 1.0 டிபை, 61 டிகிரி
CCl4: 0 டிபை, 77 டிகிரி

எழுதிய வரிசைக்கு நேர் தலைகீழ். முனைவு இறங்க இறங்கக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. இப்படி ஆகும்போது பலரும் "இது விதிவிலக்கு" என்று எழுதி மனப்பாடம் செய்துகொள்கிறார்கள், அது வேண்டாம். இது விதிவிலக்கே இல்லை.

கொதிநிலையைக் கணிப்பது ஒரு சங்கிலி வேலை. முதலில் எலக்ட்ரான்களை எண்ணிப் புள்ளிப்படம், அதிலிருந்து வடிவம், வடிவத்திலிருந்து முனைவு, கடைசியாக மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே எவ்வளவு ஈர்ப்பு. விடை தப்பாக வந்தால் எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதை வந்திருக்கும் தப்பை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். கீழே நான் தலைப்பாகப் போட்டிருப்பதெல்லாம் அப்படிப்பட்ட அறிகுறிகள்தான். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போகலாம், ஆனால் முதலாவதை எல்லோரும் படித்துவிடுங்கள், ஏனென்றால் மற்றவற்றில் பாதி அதிலேயே வந்து நிற்கும்.

அறிகுறி: முனைவே இல்லாத ஒன்று, முனைவுள்ளதைவிட அதிக வெப்பநிலையில் கொதிக்கிறது

மேலே பார்த்த கதைதான். வடிவத்தில் தப்பில்லை, முனைவிலும் தப்பில்லை. கடைசிப் படியில்தான் தப்பு, அதுவும் பாடம் படிக்கும்போதே மனதில் பதிந்துவிடுகிற ஒரு பாகுபாடு அது: "முனைவுள்ள மூலக்கூறுகளுக்கு இருமுனை ஈர்ப்பு, முனைவற்றவற்றுக்கு லண்டன் விசை." இப்படி இரண்டு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால், முனைவற்ற மூலக்கூறுக்கு ஏதோ இரண்டாந்தர ஈர்ப்புதான் கிடைத்திருக்கிறது என்று தோன்றும். உண்மையில் லண்டன் விசை எல்லா மூலக்கூறுக்கும் உண்டு. முனைவுள்ளதற்கு அதோடு கூட இருமுனை ஈர்ப்பும் சேருகிறது, அவ்வளவுதான். சேருகிற அந்தப் பங்கு பல சமயம் சின்னப் பங்காகத்தான் இருக்கிறது, HCl போன்ற முனைவுள்ள மூலக்கூறில்கூட ஈர்ப்பில் பெரும்பங்கு லண்டன் விசைதான்.

ஃபிரிட்ஸ் லண்டன் 1930-இல் விளக்கியது இது: எலக்ட்ரான் மேகம் ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை. ஒரு நொடியின் மிகச் சிறிய துளியில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு பக்கத்து மூலக்கூறின் மேகத்தையும் சாய்க்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மேகம் பெரிதாகவும் தளர்வாகவும் இருந்தால் சாய்வது எளிது, இழுப்பும் அதிகம். CH3Cl-இல் மொத்தம் 26 எலக்ட்ரான்கள், CCl4-இல் 74. ஒவ்வொரு ஹைட்ரஜனும் குளோரினாக மாறும்போது 16 எலக்ட்ரான்கள் கூடுகின்றன, அவையும் அணுக்கருவிலிருந்து தள்ளி, எளிதில் அசையக்கூடிய எலக்ட்ரான்கள். குளோரோஃபார்மிலிருந்து கார்பன் டெட்ராகுளோரைடுக்குப் போகும்போது 1 டிபை முனைவு முழுசாகப் போய்விடுகிறது, ஆனாலும் கொதிநிலை 16 டிகிரி கூடுகிறது. இழந்ததைவிடக் கிடைத்தது அதிகம்.

அப்படியானால் முனைவுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் அளவை மாற்றாமல் முனைவை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு மிக அழகான ஜோடி 1,2-டைகுளோரோஎத்தீனின் சிஸ், ட்ரான்ஸ் வடிவங்கள். அணுக்கள் அதே, எலக்ட்ரான்கள் அதே, இரட்டைப் பிணைப்பும் அதே இடத்தில். சிஸ்ஸில் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இருப்பதால் முனைவு சேர்ந்து 1.9 டிபை, ட்ரான்ஸில் எதிரெதிராக நின்று ரத்தாகி 0. கொதிநிலை சிஸ்ஸுக்கு 60, ட்ரான்ஸுக்கு 48. ஆக இந்த அளவுள்ள மூலக்கூறில் 1.9 டிபை வாங்கித் தருவது ஏறக்குறைய 12 டிகிரி. இந்த 12-ஐ மனதில் வைத்துக்கொண்டு மறுபடி மேலே உள்ள நாலு எண்களைப் பாருங்கள், ஏன் குளோரின் எண்ணிக்கை முந்துகிறது என்று புரியும்.

ஆனால் 12 டிகிரிதான் எப்போதும் என்று பிடித்துக்கொள்ளவும் கூடாது. அசிட்டோனையும் ஐசோபியூட்டீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 32 எலக்ட்ரான்கள், இரண்டும் ஒரே தட்டையான முக்கோண அமைப்பு, வித்தியாசம் ஒன்றே ஒன்று, ஒன்றில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மற்றதில் CH2 இருக்கிறது. ஐசோபியூட்டீன் −7 டிகிரியில் கொதிக்கிறது, அசிட்டோன் 56-இல். 63 டிகிரி வித்தியாசம்! அசிட்டோனின் திருப்புத்திறன் 2.9 டிபை, ஐசோபியூட்டீனுடையது 0.5 மட்டுமே. இருமுனை ஈர்ப்பு இரண்டு மூலக்கூறின் திருப்புத்திறன்களையும் பெருக்கித்தான் வரும் என்பதால் திருப்புத்திறன் ஒன்றரை மடங்கானால் ஈர்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதோடு அசிட்டோனில் ஆக்சிஜன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, பக்கத்து மூலக்கூறின் நேர்மின் முனை அதன் அருகே வந்து பொருந்த இடம் இருக்கிறது.

சரி, அப்போது எப்படி முடிவெடுப்பது? முதலில் இரண்டு மூலக்கூறின் எலக்ட்ரான் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முனைவு தீர்ப்பு சொல்லட்டும். ஒன்று மற்றதைப்போல இரண்டு மூன்று மடங்காக இருந்தால் முனைவை நம்பி வரிசைப்படுத்த வேண்டாம். HCl, HBr, HI வரிசையும் இப்படித்தான். திருப்புத்திறன் 1.1, 0.8, 0.4 என்று இறங்குகிறது, கொதிநிலை −85, −67, −35 என்று ஏறுகிறது.

அறிகுறி: எனக்கு முனைவு பூஜ்ஜியம் வந்தது, ஆனால் அட்டவணையில் எண் இருக்கிறது

இது வந்தால் கடைசிப் படியைத் தொடவே வேண்டாம், நேராகப் படத்துக்குத் திரும்புங்கள். முக்கால்வாசி நேரம் தப்பு தாளில்தான் இருக்கும்.

CH2Cl2-ஐத் தாளில் எப்படி வரைகிறோம்? நடுவில் C, கூட்டல் குறி மாதிரி நாலு கோடு, மேலேயும் கீழேயும் குளோரின், இடமும் வலமும் ஹைட்ரஜன். பார்த்தால் எதிரெதிர் நின்று ரத்தாகிற மாதிரிதான் இருக்கும். அதே மூலக்கூறை மேலே ஒரு குளோரின், பக்கத்தில் ஒரு குளோரின் என்று வரைந்தால் ரத்தாகாது. ஒரே பொருளுக்கு வரைகிற விதத்தைப் பொறுத்து இரண்டு விடை வருகிறதென்றால் படத்தில்தான் கோளாறு. பிசைந்த சப்பாத்தி மாவு கொஞ்சமும் நாலு தீக்குச்சியும் எடுத்து, நாலு குச்சியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும்படி குத்திப் பாருங்கள். தட்டையாக 90 டிகிரியில் நிற்பதைவிட, நான்முகியாக 109.5 டிகிரியில் நிற்பதுதான் அதிக விலகல். இந்த உருவத்தில் எந்த இரண்டு குச்சியும் நேர் எதிர் கிடையாது. ஆகவே இரண்டு குளோரினும் எங்கே வைத்தாலும் ஒரு பக்கமாகத்தான் இழுக்கும், 1.6 டிபை அங்கிருந்துதான் வருகிறது.

கார்பனின் இந்த நான்முகி வடிவத்தை வான்ட் ஹாஃப், லெ பெல் என்ற இருவர் தனித்தனியாக 1874-இலேயே சொல்லிவிட்டார்கள், அப்போது எலக்ட்ரான் என்ற ஒன்றையே யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அதற்குத் துணை நிற்கிற வாதம் நம்முடைய இதே CH2Cl2 பிரச்சினைதான்: மூலக்கூறு தட்டையாக இருந்தால், குளோரின்கள் எதிரெதிராக ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஒன்று என இரண்டு வெவ்வேறு டைகுளோரோமீத்தேன் கிடைத்திருக்க வேண்டும், ஆனால் கிடைப்பது ஒன்றே ஒன்று. உங்கள் தாளில் இரண்டு விதமாக வரைய முடிகிறதே, அந்த இரண்டாவது பொருள் உலகத்திலேயே இல்லை.

அடுத்த இடம், நடு அணுவில் இருக்கும் தனித்த எலக்ட்ரான் இரட்டையை மறப்பது. CO2-க்கும் SO2-க்கும் பார்க்க ஒரே வாய்ப்பாடு மாதிரி இருப்பதால் O=S=O என்று நேர்கோட்டில் வரைந்து முனைவு பூஜ்ஜியம் என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே மொத்த இணைதிற எலக்ட்ரான்களை எண்ணினாலே போதும். CO2-க்கு 4 + 6 + 6 = 16. SO2-க்கு 6 + 6 + 6 = 18. அந்தக் கூடுதல் 2 எங்கே போனது என்று உங்களையே கேளுங்கள். ஆக்சிஜன்களைச் சுற்றி எட்டெட்டு நிறைந்த பிறகு மிஞ்சுவது கந்தகத்தின் மேல்தான் உட்கார வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது குச்சி. மூன்று திசைகள் விலகி நின்றால் ஏறக்குறைய 120 டிகிரி, அளந்தது 119. மூலக்கூறு வளைந்துவிட்டது, இரண்டு S–O இழுப்பும் ஒரே பக்கம் சேர்ந்து 1.6 டிபை. படம் போடும்போது பிணைப்புகளை மட்டும் வரைந்துவிட்டு "வடிவம் என்ன" என்று கேட்பதுதான் இந்தத் தப்பின் வேர். எழுதிய புள்ளிகளின் கூட்டுத்தொகை, தொடக்கத்தில் எண்ணிய மொத்தத்துக்குச் சமமா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிடுங்கள், சமமாகும் வரை வடிவத்துக்குப் போகாதீர்கள்.

எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதால்தான் வடிவம் வருகிறது என்ற எண்ணத்தை சிட்விக், பவல் இருவரும் 1940-இல் முன்வைத்தார்கள், 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை இன்று நாம் பயன்படுத்தும் விதிகளாக ஆக்கினார்கள். அதில் முக்கியமானது தனித்த இரட்டை பிணைப்பு இரட்டையைவிட அதிக இடம் பிடிக்கும் என்பது. ஒரு அணுக்கரு மட்டும் அதைப் பிடித்திருப்பதால் அது அகலமாகப் பரவி நிற்கிறது. மீத்தேனில் 109.5, அம்மோனியாவில் 107, நீரில் 104.5 என்று கோணம் சுருங்குவது அதனால்தான். ஆனால் இந்த விதி திசையைச் சொல்லுமே தவிர எண்ணைத் துல்லியமாகச் சொல்லாது. H2S-இல் கோணம் 92 டிகிரி, இதை நீரின் கோணத்தை வைத்து யாரும் ஊகிக்க முடியாது. நல்ல வேளையாக முனைவு உண்டா இல்லையா என்று கேட்கும்போது 92-ஆ 104-ஆ என்பது பொருட்டே இல்லை. வளைந்திருக்கிறதா இல்லையா, அது போதும்.

இதன் மறுபக்கமும் வரும்: "தனித்த இரட்டை இருக்கிறது, ஆகவே முனைவுள்ளது" என்று எழுதிவிட்டு XeF4-இல் மாட்டிக்கொள்வது. அங்கே செனானின் மேல் இரண்டு தனித்த இரட்டைகள் இருக்கின்றன, ஆனால் அவை மேலும் கீழும் நேர் எதிராக நிற்கின்றன, நாலு ஃபுளூரினும் நடுத்தளத்தில் சதுரமாக. எல்லாம் ரத்து. தனித்த இரட்டை இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: வடிவம் ஒன்றே, முனைவு மட்டும் ஏழாம் பொருத்தம்

NH3-யும் NF3-யும் ஒரே பிரமிடு வடிவம். ஃபுளூரின் எலக்ட்ரான்களை மிக வலுவாக இழுக்கும் என்பதால் NF3-தான் அதிக முனைவு என்று எழுதுவார்கள். அளந்தால் NH3 1.47 டிபை, NF3 வெறும் 0.23. காரணம், அம்மோனியாவில் பிணைப்பு எலக்ட்ரான்களை நைட்ரஜன் தன் பக்கம் இழுக்கிறது, தனித்த இரட்டையும் நைட்ரஜனின் மேல், இரண்டும் ஒரே திசையில் சேருகின்றன. NF3-இல் மூன்று ஃபுளூரினும் கீழே இழுக்க, தனித்த இரட்டை மேலே இழுக்க, கிட்டத்தட்ட சமமாகி நிற்கிறது. அம்புக்குறி போடும்போது தனித்த இரட்டைக்கும் ஒரு அம்பு போட்டால் இந்தத் தப்பு வராது, அவ்வளவுதான்.

அறிகுறி: ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு என்று எழுதினேன், கொதிநிலை ஏறவே இல்லை

இதற்கு நான் எப்போதும் காட்டும் நாலு பொருட்கள் உண்டு. நாலிலும் சரியாக 26 எலக்ட்ரான்கள், அதனால் லண்டன் விசை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும், மற்ற விசைகள் தனியே தெரியும்.

C3H8, புரோப்பேன்: −42 டிகிரி
CH3OCH3, டைமெத்தில் ஈதர்: −25 டிகிரி
CH3Cl, மெத்தில் குளோரைடு: −24 டிகிரி
C2H5OH, எத்தனால்: 78 டிகிரி

ஈதரிலும் எத்தனாலிலும் அணுக்கள் கூட அதேதான், C2H6O. ஈதரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது, ஆகவே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஈதரின் ஆறு ஹைட்ரஜனும் கார்பனோடுதான் ஒட்டியிருக்கின்றன. கார்பன் தன்னோடு இருக்கும் ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானை அவ்வளவாகப் பறிப்பதில்லை. N, O, F இவற்றோடு நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன்தான் எலக்ட்ரான் இழந்து வெறுமையாக நின்று பக்கத்து மூலக்கூறின் தனித்த இரட்டையைத் தேடிப் போகும். ஈதர் பெற்றது சாதாரண முனைவு ஈர்ப்பு மட்டும், புரோப்பேனைவிட 17 டிகிரி. எத்தனால் பெற்றது 120 டிகிரி. வாய்ப்பாட்டில் எழுத்துகளைத் தேடாமல், ஒவ்வொரு ஹைட்ரஜனும் யாரோடு ஒட்டியிருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வகைத் தடுமாற்றம் நீர், HF, அம்மோனியா மூன்றையும் வரிசைப்படுத்தும்போது வரும். ஃபுளூரின்தான் அதிக எலக்ட்ரான் கவர்தன்மை கொண்டது, ஆகவே HF-தான் உச்சம் என்பது வழக்கமான விடை. கொதிநிலைகள்: அம்மோனியா −33, HF 19.5, நீர் 100. ஒவ்வொரு பிணைப்பாகப் பார்த்தால் HF-இன் ஹைட்ரஜன் பிணைப்பு நீருடையதைவிட வலிமையானதுதான், அந்த வாதத்தில் தப்பில்லை. எண்ணிக்கையில்தான் தப்பு. கொடுக்க ஒரு ஹைட்ரஜன் வேண்டும், வாங்க ஒரு தனித்த இரட்டை வேண்டும், இரண்டும் இருந்தால்தான் ஒரு பிணைப்பு. HF-இடம் ஹைட்ரஜன் 1, தனித்த இரட்டை 3. அம்மோனியாவிடம் ஹைட்ரஜன் 3, தனித்த இரட்டை 1. இரண்டிலும் ஒரு பக்கம் மிஞ்சிப்போய் வீணாகிறது, மூலக்கூறுக்குச் சராசரியாக ஒரு பிணைப்புதான் தேறும். நீரிடம் 2-க்கு 2, ஒன்றும் வீணாகவில்லை, மூலக்கூறுக்கு இரண்டு பிணைப்பு, ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி நாலு பேர். HF-க்கும் அம்மோனியாவுக்கும் ஒரே எண்ணிக்கை என்பதால் அங்கே மட்டும் வலிமை தீர்ப்புச் சொல்கிறது, HF முந்துகிறது. முதல் படியில் போட்ட புள்ளிப்படம் கடைசிப் படியில் இப்படி உதவும் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன், கவனித்த பிறகு இந்த வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வதையே விட்டுவிட்டேன்.

ஹைட்ரஜன் பிணைப்பு எதையும் வென்றுவிடும் என்ற நம்பிக்கையும் ஓரிடத்தில் உடையும். அம்மோனியாவின் குடும்பத்தில் கீழே போனால் PH3 −88, AsH3 −62, SbH3 −17. ஹைட்ரஜன் பிணைப்பே இல்லாத SbH3, அம்மோனியாவின் −33-ஐத் தாண்டிவிட்டது. 10 எலக்ட்ரானுக்கு எதிரே 54 எலக்ட்ரான். நீரின் குடும்பத்தில் இது நடப்பதில்லை, H2Te கூட −2-இல்தான் கொதிக்கிறது, நீர் 100-இல் தனியே நிற்கிறது. மூலக்கூறுக்கு ஒன்றா இரண்டா என்ற வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இங்கே தெரியும்.

அறிகுறி: எலக்ட்ரான் எண்ணிக்கை மூன்று மடங்கு, ஆனாலும் கொதிநிலை குறைவு

இந்தத் தப்பு என் முதல் அறிவுரையை அப்படியே பிடித்துக்கொள்கிறவர்களுக்கு வரும், ஆகவே சொல்லியாக வேண்டும். ஹெக்சேன், C6H14, 50 எலக்ட்ரான்கள், மூலக்கூறு எடை 86, கொதிநிலை 69 டிகிரி. எல்லா ஹைட்ரஜனையும் ஃபுளூரினாக மாற்றிய பெர்ஃபுளூரோஹெக்சேன், C6F14, 162 எலக்ட்ரான்கள், எடை 338, கொதிநிலை 57 டிகிரி. எடை நாலு மடங்கு, கொதிப்பதோ முன்னதாக.

லண்டன் விசைக்கு எடையோ எண்ணிக்கையோ நேரடிக் காரணம் இல்லை, மேகம் எவ்வளவு எளிதில் சாயும் என்பதுதான் காரணம். அதைத்தான் முனைவுறும் தன்மை என்கிறோம். ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை அணுக்கருவோடு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது, எண்ணிக்கை நிறைய இருந்தும் அவை அசைவதில்லை. குளோரின், புரோமின், அயோடின், கந்தகம் இவற்றில் எலக்ட்ரான் எண்ணிக்கை நம்பகமான கைகாட்டி. ஃபுளூரின் நிறைய உள்ள மூலக்கூறைப் பார்த்ததும் அந்தக் கைகாட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள். எடைதான் காரணம் என்று இன்னும் யாராவது வாதாடினால் கனநீரைக் காட்டலாம், D2O. எடை 18-இலிருந்து 20 ஆகிறது, பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், கொதிநிலை 100-இலிருந்து 101.4 தான்.

அறிகுறி: வாய்ப்பாடு ஒன்றே, முனைவும் இல்லை, ஆனாலும் கொதிநிலை வேறு வேறு

பென்டேன் 36, ஐசோபென்டேன் 28, நியோபென்டேன் 9.5 டிகிரி. எலக்ட்ரான்கள் மூன்றிலும் 42. இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான், எவ்வளவு பரப்பு பக்கத்து மூலக்கூறோடு ஒட்ட முடியும். நீளமான பென்டேன் விறகுக்கட்டை மாதிரி ஒன்றோடொன்று பக்கவாட்டில் படிந்து கிடக்கும், உருண்டையான நியோபென்டேன் எலுமிச்சம்பழக் குவியல் மாதிரி புள்ளி புள்ளியாகத்தான் தொடும். லண்டன் விசை தூரம் கூடக்கூட மிக வேகமாகத் தேய்ந்துவிடும் என்பதால் தொடாத இடத்தில் இழுப்பு இல்லாத மாதிரிதான்.

ஹைட்ரஜன் பிணைப்பு உள்ள மாற்றியங்களில் வேறொரு காரணமும் வரும். ஆர்த்தோ நைட்ரோஃபீனால், பாரா நைட்ரோஃபீனால் இரண்டில் ஆர்த்தோவில் OH-உம் நைட்ரோ தொகுதியும் அக்கம் பக்கத்தில் இருப்பதால் மூலக்கூறு தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பை முடித்துக்கொள்கிறது. பக்கத்து மூலக்கூறுக்கு நீட்டக் கை மிச்சமில்லை. பாராவில் அந்த வசதி கிடையாது, வெளியேதான் தேட வேண்டும். ஆகவே ஆர்த்தோ முன்னதாக ஆவியாகும், ஆய்வகத்தில் நீராவி வடித்தலில் ஆர்த்தோவை மட்டும் தனியே பிரித்தெடுப்பது இதை வைத்துத்தான்.

அறிகுறி: வரிசை சரி, காரணத்துக்கு மட்டும் மதிப்பெண் போய்விட்டது

"O–H பிணைப்பு வலிமையானது, அதை உடைக்க அதிக வெப்பம் தேவை, ஆகவே நீரின் கொதிநிலை அதிகம்" என்று எழுதியிருப்பீர்கள். நீர் கொதிக்கும்போது O–H உடைவதில்லை. உடைந்திருந்தால் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்க வேண்டும், மூடியில் தண்ணீர்த்துளி படியாது. ஒரு மோல் O–H பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 463 கிலோஜூல் வேண்டும், ஒரு மோல் நீரை ஆவியாக்க 41 கிலோஜூல் போதும். விலகுவது மூலக்கூறும் மூலக்கூறும்தான்.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தும் இரண்டு பொருட்களைப் பிரிக்க முடியவில்லை

முதலில், அட்டவணையில் இருப்பது கொதிநிலைதானா என்று பாருங்கள். CO2-க்கு −78.5 என்றும் SF6-க்கு −64 என்றும் இருப்பவை சாதாரண அழுத்தத்தில் திண்மம் நேரடியாக ஆவியாகும் பதங்கமாதல் வெப்பநிலைகள். அங்கே திரவமே கிடையாது, அந்த எண்களை மற்றவற்றின் கொதிநிலையோடு வரிசைப்படுத்தினால் ஒப்பீடு பொருந்தாது.

அது இல்லையென்றால், மேலே உள்ள 26 எலக்ட்ரான் பட்டியலுக்குத் திரும்புங்கள். டைமெத்தில் ஈதரும் மெத்தில் குளோரைடும் அடுத்தடுத்து நிற்கின்றன, இன்னும் நுணுக்கமாகச் சொன்னால் −24.8, −24.2. மெத்தில் குளோரைடுக்கு முனைவு அதிகம், 1.9-க்கு எதிரே ஈதருக்கு 1.3 டிபை. ஈதர் மூலக்கூறு நீளமானது, தொடும் பரப்பு அதிகம். ஒன்று ஒரு பக்கம் இழுக்கிறது, மற்றது மறுபக்கம், விடை அரை டிகிரியில் தீர்மானமாகிறது. வடிவம், முனைவு, ஈர்ப்பு என்று பென்சிலால் போடும் இந்தக் கணிப்பில் சில டிகிரி வித்தியாசத்தைப் பிடிக்க வழியில்லை. இப்படி ஒரு ஜோடியைக் கேட்டால் "ஏறக்குறைய சமம்" என்று எழுதுங்கள், சரியான எண் வேண்டுமென்றால் அட்டவணையைத் திறங்கள்.